அணிந்துரை, முன்னுரை, அறிமுகம்: முதல் நூல் எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மூன்றுமே புத்தகத்தின் முன்னால்தானே வருகின்றன. அப்படி என்ன வேறுபாடு?

பேசுவது யார், பேசுவது எதைப் பற்றி என்ற இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும். அணிந்துரையில் பேசுகிறவர் நூலாசிரியர் அல்ல, இன்னொருவர். அவர் நூலைப் படித்துவிட்டு, அதைப் பற்றியும் எழுதியவரைப் பற்றியும் சொல்கிறார். முன்னுரையில் ஆசிரியரே பேசுகிறார். இந்த நூலை ஏன் எழுதினேன், எப்படி எழுதினேன், யார் உதவினார்கள் என்று நூல் பிறந்த கதையைச் சொல்கிறார். அறிமுகத்திலும் பேசுவது ஆசிரியர்தான். ஆனால் அங்கே அவர் தன்னை விட்டுவிட்டு, நூலின் பொருளுக்குள் இறங்கிவிடுகிறார்.

கண்மாய்களைப் பற்றி ஒருவர் நூல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கரை உடைந்த இரவில் அப்பா அரிக்கேன் விளக்கோடு ஓடியதைப் பார்த்தேன். அன்று மனத்தில் விழுந்த கேள்விக்கு முப்பது ஆண்டு கழித்து விடை தேடினேன்" என்று அவர் எழுதினால் அது முன்னுரை. "கண்மாயிலிருந்து வயலுக்கு நீர் விடும் வாய்க்கு மடை என்று பெயர். நிறைந்த பிறகு மிகுநீர் வழிந்து போகும் கல்கட்டு கலுங்கு" என்று எழுதினால் அது அறிமுகம். "இவர் அலுவலகக் கோப்புகளோடு நிற்கவில்லை, கரைமேல் நடந்திருக்கிறார். ஆறாம் கட்டுரையில் வரும் மடைச் சண்டையைப் படித்தால் புரியும்" என்று வேறொருவர் எழுதினால் அது அணிந்துரை.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அணிந்துரையோ முன்னுரையோ போனால் நூல் புரியாமல் போகாது. அறிமுகம் போனால் மூன்றாம் கட்டுரையில் வாசகர் தடுக்கி விழுவார். அது நூலின் உறுப்பு.

பெயர்கள் ஏன் இப்படிக் குழம்பிக் கிடக்கின்றன? ஒரு புத்தகத்தில் முன்னுரை என்று இருப்பது இன்னொன்றில் அணிந்துரையாக இருக்கிறதே?

குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று எட்டுப் பெயர்களை அடுக்கி, எல்லாம் ஒன்றே என்கிறது நன்னூல். அந்தக் காலத்தில் அவற்றுக்கிடையே வேறுபாடு தேவைப்படவில்லை. நூலுக்கு முன்னால் ஒரு பாயிரம் இருக்கும், அவ்வளவுதான். அச்சு வந்த பிறகு ஆங்கில நூல்களின் ஃபோர்வேர்ட், பிரிஃபேஸ், இன்ட்ரொடக்‌ஷன் ஆகியவற்றுக்குப் பெயர் தேவைப்பட்டது. பழைய பெயர்களை எடுத்து ஆளுக்கொரு விதமாக ஒட்டினார்கள். இன்று பெரும்பாலான பதிப்பகங்களில் ஃபோர்வேர்ட் என்றால் அணிந்துரை, பிரிஃபேஸ் என்றால் முன்னுரை அல்லது என்னுரை, இன்ட்ரொடக்‌ஷன் என்றால் அறிமுகம். இதில் அதிகம் அலைவது "முன்னுரை" என்ற சொல்தான். மூன்றுக்கும் அதைப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆசிரியர் தன் நூலைப் பற்றி எழுதுவதற்கு "என்னுரை" என்றே பெயர் வைத்துவிடுங்கள். யாரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

நன்னூலைத் தொட்டுவிட்டதால் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பயன்படும். சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது அது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்று கூடவே சொல்கிறது. இந்தப் பதினொன்றும் இன்றைய புத்தகத்தில் எங்கே போயின என்று பாருங்கள். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் தலைப்புப் பக்கத்துக்குப் போய்விட்டன. பொருள், கேட்போர், பயன் மூன்றும் அறிமுகத்துக்கு வந்துவிட்டன. காலமும் காரணமும் என்னுரைக்கு. களம் என்பது நூல் அரங்கேறிய அவை. அது இப்போது வெளியீட்டு விழா அழைப்பிதழில் இருக்கிறது.

அணிந்துரையை ஏன் இன்னொருவர் எழுத வேண்டும் என்பதற்கும் அங்கேயே விடை உண்டு. என்னதான் அரிய நூலைச் செய்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல என்கிறது நன்னூல். அதனால் பாயிரம் சொல்லும் கடமையைத் தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன் ஆகியோருக்குத் தருகிறது. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு சேர்ந்து படித்தவர் என்பது மரபு. அந்தப் பட்டியலில் மாவட்டத்தின் பெரிய மனிதர் யாரும் இல்லை. நால்வருமே நூலையோ நூலாசிரியரையோ கிட்ட நின்று அறிந்தவர்கள்.

முதல் புத்தகம். இவற்றில் எது இல்லாமல் முடியாது?

சட்டம் எதுவும் இல்லை. மூன்றும் இல்லாமல் வந்த நல்ல நூல்களும் உண்டு. ஆனாலும் முதல் நூலுக்கு இரண்டு பக்க என்னுரை இருப்பது நல்லது. உங்களை வாசகருக்குத் தெரியாது. கண்மாயைப் பற்றிப் பேச இவர் யார், எத்தனை ஊருக்குப் போனார், யாரிடம் கேட்டார் என்பதை அறிய அவருக்கு உரிமை உண்டு.

அறிமுகம் வேண்டுமா என்பதை நூலின் வகை சொல்லும். வரலாறு, அறிவியல், சட்டம், ஊர் ஆய்வு போன்றவற்றில் வாசகர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களும் எல்லைகளும் இருந்தால் எழுதுங்கள். சிறுகதைக்கும் கவிதைக்கும் வேண்டாம். அங்கே கதைகள் முதலில் வெளிவந்த இதழ்களின் பெயரையும் ஆண்டையும் என்னுரையில் தந்தால் போதும். கவிதைத் தொகுப்பில் கவிதைகளுக்கு நீங்களே விளக்கம் சொல்லத் தொடங்கினால், வாசகர் கவிதையைப் படிக்காமல் உங்கள் விளக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

அணிந்துரை கடைசி. தகுந்த ஆள் கிடைத்தால் ஒன்று போடலாம். கிடைக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

என்னுரை பதினொரு பக்கம் வந்துவிட்டது. பதிப்பாளர் குறைக்கச் சொல்கிறார். எதை வெட்டுவது?

பெரும்பாலும் வெட்ட வேண்டியது குறைவாகவும் இடம் மாற்ற வேண்டியது அதிகமாகவும் இருக்கும். என் மேசைக்கு வந்த ஒரு கையெழுத்துப் படியைச் சொல்கிறேன். எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முதல் நூல், மேலே சொன்னது போலக் கண்மாய்களைப் பற்றிய கட்டுரைகள். கட்டுரைகள் 126 பக்கம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம், பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து 6 பக்கம். இவற்றுக்கு இடையில் வாழ்த்துரை 3, அணிந்துரை 6, பதிப்புரை 2, என்னுரை 11 என்று 22 பக்கம் உட்கார்ந்திருந்தது. வாசகர் முதல் கட்டுரைக்கு வந்து சேர 28 பக்கம் புரட்ட வேண்டும்.

பதினொரு பக்க என்னுரையை அச்செடுத்து, நான்கு நிறப் பென்சில்களால் கோடு போட்டோம். கரை உடைந்த இரவு, ஊர் ஊராக அலைந்தது, குறிப்பேடு தொலைந்தது என்று நூல் பிறந்த கதை இரண்டரைப் பக்கம். மடை, கலுங்கு, வரத்துக்கால் என்ற சொற்களுக்கு விளக்கம், எந்தெந்த வட்டங்களை எடுத்துக்கொண்டார், எவற்றை விட்டார் என்பது ஐந்து பக்கம். நன்றி இரண்டு பக்கம், அதில் 43 பெயர்கள். மீதி ஒன்றரைப் பக்கம் "நான் எழுத்தாளன் அல்லன், பிழை இருந்தால் பொறுத்தருள்க" என்பதும் இரண்டு குறளும்.

நடுவில் இருந்த ஐந்து பக்கம்தான் விஷயம். அது முன்னுரையே இல்லை. அறிமுகம், தவறான வீட்டில் குடியிருந்தது. அதை வெளியே எடுத்து, ஒரு வரைபடத்தையும் சேர்த்து, 6 பக்க அறிமுகமாக்கிக் கட்டுரைகளுக்கு முன்னால் வைத்தோம். முன்னுரைகளைத் தாண்டிப் போகும் பழக்கம் உள்ள வாசகரும் அங்கே வந்து நிற்பார். பிறந்த கதை ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது, குறிப்பேடு தொலைந்தது மட்டும் போயிற்று. 43 பெயர்களில் தகவல் தந்தவர்களையும் படியைப் படித்துத் திருத்தியவர்களையும் வைத்துக்கொண்டு அரைப் பக்கம். பிழை பொறுக்கச் சொன்ன வரிகளை எடுத்துவிட்டோம். பிழை இருந்தால் வாசகர் பொறுக்கப் போவதில்லை, திருத்தத்தான் வேண்டும். ஆக, என்னுரை 2 பக்கம்.

வாழ்த்துரையைக் கைவிட்டோம். பதிப்புரையிலிருந்து நான்கு வரிகள் பின்னட்டைக்குப் போயின. அணிந்துரை எழுதியவரே மனமுவந்து 4 பக்கமாக்கித் தந்தார். கணக்கைப் பாருங்கள்: 6, 4, 2, 6, 126. மொத்தம் 144. பழைய கணக்கு 154. ஆஃப்செட்டில் பாரம் ஒன்றுக்கு 16 பக்கம் என்று அச்சிடும்போது 144 என்பது சரியாக 9 பாரம். 154 பக்கத்துக்கு 10 பாரம் வேண்டும், அதிலும் 6 பக்கம் வெற்றுத் தாள். ஒரு வாழ்த்துரைக்காக ஒரு பாரக் காகிதம் செலவாகியிருக்கும். சில பிரதிகள் மட்டும் டிஜிட்டலில் அச்சிடுகிறவர்களுக்குப் பாரக் கணக்கு அவ்வளவு கறாராக இருக்காது. ஆனால் அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு.

பிரபலமான ஒருவரிடம் அணிந்துரை வாங்கினால் நூல் கவனிக்கப்படும் என்கிறார்களே?

அட்டையில் அவர் பெயரைப் பார்த்துச் சிலர் கையில் எடுப்பார்கள், உண்மைதான். எடுத்தவர் அணிந்துரையைத் திறப்பார். அங்கேதான் சிக்கல்.

"எளிய நடை, ஆழ்ந்த கருத்து, அரிய உழைப்பு. இளம் எழுத்தாளரின் இந்த முயற்சி தமிழ்கூறும் நல்லுலகத்துக்குப் பெரும் கொடை. மேலும் பல நூல்கள் படைக்க வாழ்த்துகிறேன்." இந்த வரிகளைக் கண்மாய் நூலில் போடலாம், சித்த மருத்துவ நூலிலும் போடலாம். அணிந்துரை கைக்கு வந்ததும் நூலின் பெயரையும் உங்கள் பெயரையும் விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். எந்த நூலைப் பற்றியது என்று தெரியவில்லையானால் அவர் படிக்கவில்லை. மேற்கோள் எல்லாம் முதல் இரண்டு கட்டுரைகளிலிருந்தே வந்தாலும் அதே ஐயம்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரை "இளம் எழுத்தாளர்" என்று சொல்லியிருந்த அணிந்துரை ஒன்றையும் பார்த்திருக்கிறேன்.

கண்மாய் நூலுக்கு நாங்கள் பரிந்துரைத்தது பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரை. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு கலுங்கின் உயரத்தைக் கூட்டினால் மேலே உள்ள ஊரின் வயல் எப்படி மூழ்கும் என்று அவர் எழுதிய பத்தி, நூலின் நான்காம் கட்டுரையைப் படிக்கத் தூண்டியது. ஒரு இடத்தில் ஆசிரியரோடு உடன்படவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால்தான் மற்றப் பாராட்டுகள் நம்பும்படி இருந்தன. பனம்பாரனார் வகை அணிந்துரை என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

இரண்டு மூன்று அணிந்துரை வாங்க வேண்டாம். ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொல்வார். யார் முதலில் வர வேண்டும் என்ற மனத்தாங்கல் வேறு வரும்.

எப்படிக் கேட்பது, எப்போது படியைத் தருவது?

செம்மையாக்கம் முடிந்து, பக்க வடிவமைப்பு தொடங்குவதற்கு முன் கொடுங்கள். முதல் வரைவைக் கொடுத்தால், நீங்கள் பின்னால் நீக்கிவிட்ட கட்டுரையைப் பாராட்டி அவர் எழுதியிருப்பார். கடைசி மெய்ப்பைக் கொடுத்தால் அச்சகம் காத்திருக்கும், அவருக்கும் அவசரம். ஆறு முதல் எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். வயதில் மூத்தவர் என்றால் கணினிக் கோப்பை அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், தாளில் அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது முறை.

கூடவே ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: நூல் யாருக்கானது, எத்தனை பக்கம் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். பக்க அளவைச் சொல்வதை மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். சொல்லாவிட்டால் அரைப் பக்கமும் வரும், பதினைந்து பக்கமும் வரும். "ஐயா, நான்கு பக்கம் இருந்தால் நூலின் அளவுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தேதி தாண்டினால் ஒருமுறை நினைவூட்டலாம், இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம். பிறகு அணிந்துரை இல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு கவிதைத் தொகுப்பு ஓர் அணிந்துரைக்காக இரண்டு புத்தகக் கண்காட்சிகளைத் தவறவிட்டதை அருகிலிருந்து பார்த்தேன். கடைசியில் வந்தது முக்கால் பக்கம்.

அணிந்துரையில் ஒரு தகவல் தவறாக இருக்கிறது. நானே மாற்றிவிடலாமா?

கூடாது. எழுத்துப்பிழையைத் திருத்தலாம். மற்றபடி ஒரு சொல்லை மாற்றினாலும் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அந்த எழுத்தின் உரிமை அவருடையது. மறுபதிப்பு, மின்னூல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் பயன்படுத்தலாமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால், பின்னால் சங்கடம் வராது.

முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக்குகிறேன். முதல் இயலே "முன்னுரை" என்றுதான் இருக்கிறது. அப்படியே போடலாமா?

அது முன்னுரை என்ற பெயரில் இருக்கும் அறிமுகம். ஆனால் தேர்வாளருக்காக எழுதியது. ஆய்வு நோக்கம், கருதுகோள், முன்னாய்வுகள், ஆய்வு எல்லை, இயல் பகுப்பு என்று தலைப்புகள் இருக்கும். வாசகருக்கு அவற்றில் எல்லையும் பொருளும் மட்டும் போதும். முன்னாய்வுகளில் உங்கள் வாதத்துக்கு நேராகத் தொடர்புள்ள இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் துணைநூற்பட்டியலுக்கு அனுப்புங்கள். "இரண்டாம் இயலில் இது ஆராயப்படுகிறது, மூன்றாம் இயலில் அது ஆராயப்படுகிறது" என்ற பத்தியைப் பொருளடக்கமே சொல்லிவிடும். நாற்பது பக்கம் பத்தாகும். நெறியாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சொல்லும் நன்றி தனி என்னுரைக்குப் போகும். நெறியாளரே அணிந்துரை எழுதலாம், நன்னூல் பட்டியலில் முதல் ஆள் அவர்தான்.

நாவலுக்கு ஒரு விமர்சகர் எழுதிய கட்டுரையை அறிமுகமாக முன்னால் போடலாமா?

போடலாம், கதையை உடைக்காமல் இருந்தால். நல்ல விமர்சனக் கட்டுரை முடிவைப் பேசாமல் இருப்பது அரிது. அதைப் பின்னுரையாக நூலின் இறுதியில் வையுங்கள். செவ்வியல் நாவல்களின் மறுபதிப்பில் ஆய்வாளரின் கட்டுரை முன்னால் வருவதைப் பார்த்து இந்த ஆசை வருகிறது. அங்கே கதை பலருக்கும் ஏற்கெனவே தெரியும். உங்கள் நாவல் யாருக்கும் தெரியாது.

எந்த வரிசையில் வைப்பது? கையொப்பம், தேதி எங்கே?

சமர்ப்பணம், பொருளடக்கம், அணிந்துரை, என்னுரை, பிறகு அறிமுகம். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் சற்று மாறும். அணிந்துரையின் இறுதியில் எழுதியவர் பெயர் வர வேண்டும். பொருளடக்கத்திலும் போடுங்கள், இல்லையென்றால் நீங்களே உங்களைப் புகழ்ந்துகொண்டதாகத் தோன்றும். என்னுரையின் கீழே ஊர், தேதி, பெயர். அறிமுகத்துக்குக் கையொப்பம் வேண்டாம், அது நூலின் முதல் இயல் போன்றது.

ஆங்கில நூல்களில் முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் நூலுக்கு 1, 2, 3 என்றும் போடுவார்கள். நூலோடு ஒட்டிய அறிமுகம் என்றால் பக்கம் 1 அங்கிருந்தே தொடங்குவதும் உண்டு. தமிழில் பெரும்பாலும் தலைப்புப் பக்கத்திலிருந்தே தொடர்ந்து எண்ணிவிடுகிறார்கள், தவறில்லை. இரண்டாம் பதிப்புக்குப் புதிய முன்னுரை எழுதினால் அது முதலில் வரும், பழையது "முதல் பதிப்பின் முன்னுரை" என்ற தலைப்போடு அதற்கு அடுத்து.

இவற்றை எப்போது எழுத வேண்டும்?

அறிமுகத்துக்கு ஒரு வரைவைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம், எதை விளக்க வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகும். நூல் முடிந்ததும் அதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். கண்மாய் ஆசிரியரின் பழைய வரைவில் "மூன்று வட்டங்களில் உள்ள கண்மாய்கள்" என்று இருந்தது. கட்டுரைகளில் இரண்டு வட்டங்கள்தான் இருந்தன. மூன்றாவதற்குப் போக நினைத்து, முழங்கால் வலியால் போகாமல் விட்டிருக்கிறார். அந்த முழங்கால் வலி என்னுரையில் ஒரு வரியாகச் சேர்ந்தது, அறிமுகத்தில் "மூன்று" என்பது "இரண்டு" ஆயிற்று.